அபிப்ராய பேதமா, மனஸ்தாபமா?

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உத்தியோக ஸ்தலத்தில் வரும் சண்டைகளைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயலாளர் கேட்டுக் கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் புனே பக்கத்துத் தொழிற்சாலைகளில் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவன் நான். எந்தச் சண்டையும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். எல்லாவற்றையும் பற்றிப் பேச இன்று நேரமில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

நம் வீடுகளில் இரண்டு வார்த்தைகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று அபிப்ராய பேதம், மற்றொன்று மனஸ்தாபம். "அவருக்கும் எனக்கும் அபிப்ராய பேதம்தான், மனஸ்தாபம் ஒன்றுமில்லை" என்று சொல்கிறோம். வேலையைப் பற்றி இருவர் வெவ்வேறாக நினைப்பது முதலாவது. ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள கோபம், அவமதிப்பு, அவநம்பிக்கை இரண்டாவது. நிர்வாகவியல் படித்தவர்களும் ஏறக்குறைய இதே பிரிவைத்தான் செய்திருக்கிறார்கள். கேரன் ஜேன் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் குழுக்களை ஆராய்ந்து 1995ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனஸ்தாபம் எந்தக் குழுவிலும் உபத்திரவம்தான். ஆனால் யோசித்துச் செய்ய வேண்டிய வேலைகளில், அளவோடு இருக்கும் அபிப்ராய பேதம் நன்மையே செய்கிறது. தினமும் ஒரே மாதிரி செய்யும் வேலைகளில் மட்டும் அதுவும் இடைஞ்சலாகிறது. இதுவே அவர் கண்டது.

இந்த இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அபிப்ராய பேதத்தைத் திறந்து வைத்துப் பேச வேண்டும். மனஸ்தாபத்தைக் கூட்டம் போட்டுத் திறந்தால் அது இன்னும் பெருகும். எது எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் இரண்டுமே கெட்டுப் போகும். ஒரு சம்பவத்தை விவரமாகச் சொன்னால் இது தெளிவாகும்.

பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். பம்பின் உள்ளே சுழலும் ஷாஃப்டில், மெக்கானிகல் சீல் உட்காரும் இடத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். டிராயிங்படி அது 40.000க்கு மேல் போகக் கூடாது, 39.984க்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 16 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்றால், எவ்வளவு நுணுக்கமான வேலை என்று நீங்களே பார்த்துக் கொள்ளலாம். விட்டம் குறைந்தால் சீல் சரியாகப் பிடிக்காமல் தண்ணீர் கசிய வாய்ப்புண்டு.

ஒரு நாள் 60 ஷாஃப்ட்கள் கொண்ட ஒரு லாட், கிரைண்டிங் முடிந்து தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போயிற்று. அதில் 14 ஷாஃப்ட்கள் அளவு குறைவு என்று சிவப்புச் சீட்டு ஒட்டித் திரும்பி வந்தன. உற்பத்திப் பிரிவு மேலாளருக்குக் கோபம். கிரைண்டிங் மெஷின் பக்கத்திலேயே அளந்து எழுதிய தாளை எடுத்து வந்தார். அந்தப் 14ம் 39.985 முதல் 39.987 வரை, எல்லைக்குள்ளேதான் இருந்தன. தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் தாளிலோ அதே ஷாஃப்ட்கள் 39.980 முதல் 39.982 வரை. ஏறக்குறைய ஐந்து மைக்ரான் வித்தியாசம்.

மூன்று நாளில் விஷயம் எங்கேயோ போய்விட்டது. அதிகாரி, சிவப்புச் சீட்டு ஒட்டிய ஷாஃப்ட்களைப் படம் எடுத்து, தலைமை அலுவலகம் உட்பட எட்டுப் பேருக்கு நகலோடு ஈமெயில் அனுப்பினார். மேலாளர், தொழிலாளிகள் நிற்கும்போதே, "மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியாதவர் எல்லாம் தரம் பார்க்க வந்துவிட்டார்" என்றார். பிறகு இருவரும் கான்டீனில் வேறு வேறு நேரத்தில் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஃபைல் என்னிடம் வந்தது. "இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ராசி பண்ணி வைத்துவிடுங்கள்" என்று ஜெனரல் மேனேஜர் குறிப்பு எழுதியிருந்தார்.

அப்படி ராசி பண்ணி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருவரும் கை குலுக்கியிருப்பார்கள். யாராவது ஒருவர் பெரிய மனது பண்ணி விட்டுக் கொடுத்திருப்பார். ஆனால் அந்த ஷாஃப்டின் விட்டம் ஒரு மைக்ரான் கூட மாறியிருக்காது. அடுத்த லாட்டிலும் அதே ஐந்து மைக்ரான் வித்தியாசம் வந்து நின்றிருக்கும்.

இங்கே சிக்கிக் கொண்டிருந்தது ஒரு சண்டையல்ல, இரண்டு. அதனால் முதலில் அவற்றைப் பிரித்தாக வேண்டும். அதற்கு நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "எதைக் காட்டினால் நீங்கள் உங்கள் முடிவை மாற்றிக் கொள்வீர்கள்?" என்று கேட்பேன். அதற்கு ஒரு அளவு, ஒரு ரசீது, ஒரு சோதனை என்று குறிப்பிட்டுப் பதில் வந்தால், அந்தப் பகுதி அபிப்ராய பேதம். "எதைக் காட்டினாலும் பிரயோஜனமில்லை, அந்த ஆளே அப்படித்தான்" என்று வந்தால், அது மனஸ்தாபம். பேச்சில் "இந்த லாட்", "இந்தத் தேதி" என்று வருகிறதா, "எப்போதும்", "வேண்டுமென்றே" என்று வருகிறதா என்பதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். முன்னது வேலையைப் பற்றிய பேச்சு, பின்னது ஆளைப் பற்றிய பேச்சு.

இருவரிடமும் கேட்டேன். மேலாளர், "இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒரே கருவியில் அளந்து குறைவாக வந்தால் ஒப்புக் கொள்கிறேன்" என்றார். அதிகாரியும் அதே மாதிரிதான் சொன்னார். ஆக, இதில் ஒரு பகுதி சுத்தமான அபிப்ராய பேதம். அதை முதலில் எடுத்துக் கொண்டோம்.

இந்தப் பகுதிக்கு நடுவர் நான் இல்லை, ஒரு அனுபவமுள்ள டூல் ரூம் மேஸ்திரி. அவர் இரண்டு பிரிவையும் சேராதவர். அவர் செய்தது இதுதான். கிரைண்டிங் மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு ஷாஃப்டை உடனே அளந்து எழுதினார். பிறகு அதை இரவு முழுவதும் குளிர்சாதன அளவை அறையில் வைத்து, மறுநாள் காலையில் அதே மைக்ரோமீட்டரால், அதே இடத்தில் அளந்தார். ஐந்து மைக்ரான் குறைந்திருந்தது. காரணம் உஷ்ணம். கிரைண்டிங்கில் இரும்பு சூடாகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஒரு டிகிரி சூடானால் சுமார் அரை மைக்ரான் பெருக்கும். மைக்ரோமீட்டரை விட ஷாஃப்ட் பத்துப் பதினோரு டிகிரி அதிகச் சூடாக இருந்தால், உள்ளதை விட ஐந்து மைக்ரான் கூடுதலாகக் காட்டும். உலகம் முழுவதும் இத்தகைய அளவுகளுக்கு ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். ஆகவே அதிகாரியின் தாளில் இருந்ததுதான் ஷாஃப்டின் நிஜ அளவு. ஆனால் மேலாளரின் ஆட்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்த எண்ணைத்தான் எழுதினார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பது சோதனை செய்த பிறகுதான் தெரிந்தது. "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்று முதல் நாளே மூடியிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. வெளியே வந்ததால் மூன்று காரியங்கள் நடந்தன. அளக்கும் முன் ஷாஃப்டும் மைக்ரோமீட்டரும் ஒரே மேஜையில் கிடந்து ஒரே சூட்டுக்கு வர வேண்டும் என்று விதி செய்தார்கள். மெஷினில் சூடாக இருக்கும்போது எந்த அளவுக்குக் குறி வைக்க வேண்டும் என்பதை மாற்றினார்கள். 14 ஷாஃப்ட்களை டிசைன் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்த சீலில் ரப்பர் ஓ-ரிங் இருப்பதால் நாலு மைக்ரான் குறைவைத் தாங்கும் என்று சீல் தயாரிப்பாளரிடம் விசாரித்து, இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் எழுத்து மூலம் கன்செஷன் கொடுத்தார்கள். அந்த முடிவு உற்பத்தியும் எடுக்கவில்லை, தரக்கட்டுப்பாடும் எடுக்கவில்லை. யாருக்கு அதிகாரமோ அவர்கள் எடுத்தார்கள். "இதை முடிவு செய்ய யாருக்கு அதிகாரம்?" என்பது தெளிவில்லாததால் வரும் சண்டைகள் பாதி. அவை மனஸ்தாபம் மாதிரி வேஷம் போட்டுக் கொண்டு வரும். ஒரு பக்க ஆணையில் தீர்ந்துவிடும்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அடுத்த மாதம் மைக்ரோமீட்டரின் காலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி எழுதும் விதத்தைப் பற்றித் தகராறு. அதற்கடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் யார் முதலில் பேசுவது என்பதில் தகராறு. இது முக்கியமான அறிகுறி. அபிப்ராய பேதம் விடை கிடைத்ததும் முடிந்து போகும். விடை கிடைத்த பிறகும் புதிது புதிதாக விஷயம் தேடிக் கொண்டு வருகிறதென்றால், உள்ளே இருப்பது மனஸ்தாபம்.

இந்த இடத்தில் நிர்வாகங்கள் சாதாரணமாக இன்னொரு கூட்டம், இன்னொரு படிவம், இன்னொரு விதிமுறை என்று போவார்கள். மனஸ்தாபத்தில் இருக்கும் இருவருக்கு ஒவ்வொரு புதுப் படிவமும் ஒரு புதுப் போர்க்களம். "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று ஒரே அறையில் உட்கார வைப்பதும் பெரும்பாலும் உதவாது. கார்ஸ்டன் டி ட்ரூ, அனெலிஸ் வான் வியானன் என்ற இருவர் நெதர்லாந்தில் செய்து 2001ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. மனஸ்தாபம் உள்ள குழுக்களில், அதை எதிர்த்துப் போராடியவர்களையும் சரி, கூடிப் பேசித் தீர்க்க முயன்றவர்களையும் சரி விட, அதை ஒதுக்கி வைத்து வேலையைப் பார்த்த குழுக்களே நன்றாக இயங்கின. கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். யோசித்தால் நியாயம் புரியும். ஷாஃப்டின் விட்டத்துக்கு ஒரு நிஜ அளவு உண்டு. ஒருவருடைய சுபாவத்துக்கு நிஜ அளவு ஏது? பேசப் பேச, சொல்லாமல் இருந்ததையும் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியாது.

நான் செய்தது மிகக் குறைவு. இருவரையும் தனித்தனியாகச் சந்தித்தேன். "அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. "எந்த ஒரு சம்பவம் உங்களை அதிகம் பாதித்தது?" என்று மட்டும் கேட்டேன். மேலாளருக்கு, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போனது. அதிகாரிக்கு, தொழிலாளிகள் முன் கேட்ட அந்த வாக்கியம். இருவருக்கும் வலித்த இடம் ஒன்றே, பிறர் முன்னிலையில் தலைகுனிவு.

ஆகவே இரண்டே கட்டுப்பாடுகள். ஒரு லாட்டை நிராகரித்தால் முதலில் போனில் அல்லது நேரில் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். மெயில் அதற்குப் பிறகு, அதுவும் சம்பந்தப்பட்ட மூன்று பேருக்கு மட்டும். இது அதிகாரிக்கு. ஷாப் ஃப்ளோரில் பொருளைப் பற்றி மட்டும் பேச்சு, ஆளைப் பற்றிப் பேச்சில்லை. இது மேலாளருக்கு. தினசரி விவகாரங்களை மூன்று மாதத்துக்கு ஷிப்ட் சூபர்வைசரும் இன்ஸ்பெக்டரும் பார்த்துக் கொண்டார்கள். வாரம் ஒரு முறை பதினைந்து நிமிஷக் கூட்டம். அதில் பார்ட் நம்பர் இல்லாத விஷயம் எதுவும் எடுக்கக் கூடாது.

மன்னிப்புக் கேட்கும்படி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அளக்கும் புது முறையைத் தொழிலாளிகளுக்கு விளக்க வேண்டிய நாளில், மேலாளர் தாமே அதிகாரியை மெஷின் பக்கம் அழைத்துப் போய், "இவர் சொல்வார், கேளுங்கள்" என்றார். எந்த ஜனங்கள் முன்னால் கௌரவம் போயிற்றோ, அதே ஜனங்கள் முன்னால் திரும்பி வந்தது. அதன் பிறகு இருவரும் சிநேகிதர்கள் ஆனார்களா என்றால், இல்லை. ஆனால் என் மேஜைக்கு அவர்கள் ஃபைல் மறுபடி வரவில்லை. உத்தியோகத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். அபிப்ராய பேதம் நல்லது என்ற சித்தாந்தம் கொஞ்ச நாளில் அடி வாங்கியது. அதே டி ட்ரூவும் லாரி வைங்கார்ட்டும் 2003ல் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அபிப்ராய பேதமும் குழுவின் வேலையைக் கெடுப்பதாகவே வந்தது. 2012ல் ஜேனும் வேறு இருவரும் மறுபடி தொகுத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மனஸ்தாபத்தோடு ஒட்டிக் கொள்ளாத இடங்களில் அபிப்ராய பேதம் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, சில சமயம் நன்மையும் செய்கிறது. ஒட்டிக் கொண்டால்தான் ஆபத்து. எப்போது ஒட்டிக் கொள்கிறது? டோனி சைமன்ஸ், ராண்டால் பீட்டர்சன் இருவரும் 2000ல் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். பரஸ்பர நம்பிக்கை குறைந்த இடத்தில், எதிர்க் கருத்தைத் தன் மேல் தொடுத்த தாக்குதலாக எடுத்துக் கொள்கிறார்கள். குரலை உயர்த்துவதும் அவ்வாறே செய்கிறது. எங்கள் கதையில் முதல் நாள் இருந்தது ஐந்து மைக்ரான் கேள்வி மட்டும். எட்டுப் பேருக்குப் போன மெயிலும், எல்லார் முன்னும் சொன்ன ஒரு வாக்கியமும்தான் அதை மனஸ்தாபமாக்கின. ஆகவே முதல் மூன்று நாள்தான் முக்கியம். அதற்குள் அளவு பார்த்துவிட்டால் இரண்டாவது சண்டை பிறப்பதே இல்லை.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் ஏறக்குறைய சமமான இருவருக்குள் நடக்கும் விஷயத்துக்கு. ஒருவர் மற்றவரை ஜாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலோ, ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்தாலோ, அதை மனஸ்தாபம் என்று பெயரிட்டு ஒதுக்கி வைக்கவோ ராசி பண்ணவோ கூடாது. பெண்கள் விஷயத்தில் 2013ஆம் வருஷச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். புகார் கொடுத்த பெண்ணே கேட்டாலன்றி சமாதானப் பேச்சு கிடையாது. பணம் கொடுத்துச் சமாதானம் செய்வதும் கூடாது.

உரை முடிந்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் இங்கே சேர்க்கிறேன்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், சாஃப்ட்வேர் துறையில் ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் திருத்திக் குறிப்பு எழுதும் வழக்கத்தைச் சொல்லி, "எழுத்தில் நடப்பதால் எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கிறதே" என்றார். குறிப்பில் காரணமும், அதைச் சரிபார்க்கும் வழியும் இருந்தால் அது அபிப்ராய பேதம். "இந்த உள்ளீட்டைக் கொடுத்தால் இங்கே பிழை வரும்" என்பது சரிபார்க்கக் கூடியது. "இது கூடத் தெரியாதா?" என்பதில் சரிபார்க்க எதுவுமில்லை. ஒரே விஷயத்தில் இரண்டு முறை எழுதியும் முடியவில்லை என்றால், மூன்றாவதாக எழுதாமல் போனில் கூப்பிடுங்கள் என்றேன். குழுவில் பலர் பார்க்க எழுதும் வார்த்தை, தொழிலாளிகள் முன் சொன்ன வாக்கியத்துக்குச் சமம்.

நாக்பூர் மாமி ஒருவர், பள்ளி ஆசிரியை, "மனஸ்தாபம் மேலதிகாரிக்கு என் மேல் என்றால்?" என்று கேட்டார். அங்கே நான் சொன்ன ஒதுக்கி வைப்பது நம் கையில் இல்லை. வேலை விஷயத்தை எழுத்தில் வைத்துக் கொள்ளலாம். "இன்ன தேதிக்குள் இன்ன காரியம் என்று சொன்னீர்கள், இன்ன தேதியில் முடித்தேன்" என்று, உணர்ச்சி இல்லாமல், இரண்டு வரி. வருஷாந்திர மதிப்பீடு எழுதும்போது ஆளைப் பற்றிய பேச்சு வந்தால், வேலையைப் பற்றிய தாள் பதில் சொல்லும். அது போதாத இடத்தில், இடமாற்றம் கேட்பது தோல்வி அல்ல என்றும் சொன்னேன்.